ஓர் ஊர், ஒரு பெரிய ஊர்

“‘ஒரு ஊர்’ என்று எழுதினால் ‘ஓர் ஊர்’ என்கிறார் ஆசிரியர். சரியென்று ‘ஓர் பெரிய ஊர்’ என்று எழுதினேன், அதையும் அடித்துவிட்டார். ஏன்?”

இரண்டு திருத்தமும் சரிதான். நீங்கள் பார்க்க வேண்டியது பெயர்ச்சொல்லை அல்ல, ஒட்டி அடுத்து நிற்கும் சொல்லின் முதல் எழுத்தை. ‘ஊர்’ உயிரெழுத்தில் தொடங்குவதால் ‘ஓர்’ வந்தது. இடையில் ‘பெரிய’ நுழைந்ததும் அடுத்த எழுத்து ‘பெ’, அதாவது உயிர்மெய்; அதனால் ‘ஒரு பெரிய ஊர்’. இதையே திருப்பிப் பாருங்கள்: ஒரு வீடு, ஆனால் ஓர் அழகான வீடு.

பலர் சறுக்குவது ‘யா’, ‘யு’வில். காதுக்கு உயிர்போல ஒலித்தாலும் அவையும் உயிர்மெய்யே. ஒரு யானை, ஒரு யுகம் என்றே எழுதுங்கள்.

இதே முறையில்தான் இரு மொழி, ஈராயிரம் என்கிறோம். பேச்சில் ‘ஒரு ஊர்ல’ என்பதை யாரும் திருத்த மாட்டார்கள்; கதையில் உரையாடல் எழுதினால் அப்படியே விடுங்கள்.