அண்ணன் அழைத்து வந்த மதிப்பீட்டாளர்

கேள்வி: கும்பகோணத்தில் அப்பா விட்டுச் சென்ற பழைய வீடு, மனை 2,400 சதுர அடி. அண்ணன், அக்கா, நான் மூவரும் சம வாரிசுகள். வீட்டை அண்ணன் எடுத்துக்கொண்டு எங்கள் இருவருக்கும் பணம் தருவதாகப் பேச்சு. அவருடைய வங்கிக் கடனுக்கு மதிப்பீடு செய்தவரே வந்து பார்த்து, 61 லட்சம் என்று இரண்டு பக்க அறிக்கை தந்திருக்கிறார். மதிப்பில் ஒரு சதவீதம் கட்டணமாம், அதை மூவரும் பகிர வேண்டுமாம். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: இந்த அறிக்கையை வைத்து, உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடாதீர்கள். அண்ணன் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. வாங்குகிறவர் அவர். மதிப்பு குறைந்தால் லாபம் அவருக்கு. அப்படிப்பட்டவருக்கு ஏற்கெனவே வேலை செய்தவர், அவர் ஒருவர் அழைத்து வந்தவர், எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இந்தக் கணக்குக்குப் பொதுவான ஆள் அல்ல. தவிர, கடன் திரும்பாவிட்டால் வீட்டை விற்று எவ்வளவு எடுக்கலாம் என்பதே வங்கியின் கவலை. அந்த வேலையில் பழகிய கை கொஞ்சம் தாழ்வாகவே எழுதும். அறிக்கையின் முதல் பக்கத்தில் 'நோக்கம்' என்ற வரியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பாகப்பிரிவினை என்று இல்லையென்றால் அது உங்களுக்காக எழுதப்பட்டதே அல்ல.

இரண்டாவதாக, மனைக்குப் போட்டிருக்கும் விலையைப் பாருங்கள். பழைய வீட்டில் கட்டடத்துக்குத் தேய்மானம் போக மிஞ்சுவது சொற்பம். மதிப்பைத் தீர்மானிப்பது சதுர அடி விலை என்ற ஒற்றை எண்தான். உதாரணமாகக் கட்டடம் 5.8 லட்சம், மனை சதுர அடி 2,300 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 61 லட்சம் வரும். அதே மனையை 3,300 என்று வைத்தால் 85 லட்சம். ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தில் உங்கள் பங்கு மட்டும் 8 லட்சம் மாறுகிறது. எனவே அந்த விலை எங்கிருந்து வந்தது என்று அறிக்கை சொல்ல வேண்டும்: அண்மையில் விற்ற மனைகள், பத்திர எண், தேதி, எந்தத் தெரு. அரசின் வழிகாட்டி மதிப்பைப் பரப்பால் பெருக்கி வைத்தால் அது மதிப்பீடு ஆகாது, கூட்டல் பெருக்கல்தான். தேர்வீதி வீட்டுக்குப் பின்சந்து மனையை ஒப்பிட்டு எழுதிய அறிக்கையை நானே பார்த்திருக்கிறேன். பக்கத்துப் புல எண்களுக்கு வில்லங்கச் சான்று எடுத்தால் அந்த விற்பனைகளை நீங்களே சரிபார்க்கலாம். பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டுவது நம் ஊரில் வழக்கம் என்பதால், அக்கம்பக்கத்தில் விசாரித்து அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இனி ஆளைத் தேர்ந்தெடுப்பது. 'வங்கி அங்கீகாரம் பெற்றவர்' என்றால் அந்த வங்கி தன் பட்டியலில் வைத்திருக்கிறது என்பதற்கு மேல் பொருள் இல்லை. கேட்க வேண்டிய பதிவு, இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியத்தில் 'நிலமும் கட்டடமும்' பிரிவில் இருக்கிறதா என்பது. வாரியம் இயந்திரங்களுக்கும் பங்குகள் போன்ற நிதிச் சொத்துகளுக்கும் தனித்தனியே பதிவு தருகிறது, அவை உங்களுக்கு உதவாது. பதிவு எண்ணை வாங்கி ibbi.gov.in தளத்தில் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குடும்பப் பிரிவினைக்கு இந்தப் பதிவு சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் இவர்களுக்கு 2017ஆம் ஆண்டு விதிகளின்படி நடத்தை நெறி உண்டு: எழுத்து ஒப்பந்தத்தில் சொல்லாத கட்டணத்தை வாங்கக் கூடாது, காரியம் முடிந்தால் இவ்வளவு என்று வெற்றிக்கட்டணம் கேட்கக் கூடாது. மீறினால் புகார் செய்ய ஓர் இடம் இருக்கிறது.

மதிப்பில் சதவீதம் என்ற கட்டணத்தை நான் ஏற்பதில்லை, மதிப்பு ஏறினால் கூலியும் ஏறும் என்பதால். இங்கே தொகையே அதிகம். செல்வ வரி விதிகளில் மதிப்பீட்டாளர்களுக்கு ஓர் உச்சவரம்பு அட்டவணை இருந்தது: முதல் 5 லட்சத்துக்கு அரை சதவீதம், அடுத்த 10 லட்சத்துக்கு 0.2, அடுத்த 40 லட்சத்துக்கு 0.1, மீதிக்கு 0.05. அதன்படி 61 லட்சத்துக்கு 8,800 ரூபாய்தான் வரும். உங்களிடம் கேட்பது 61,000. அந்த அட்டவணை பழையது, இன்று பேரம் பேச ஓர் அளவுகோலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் வேலையைப் பொறுத்து ஒரு மொத்தத் தொகையாக, ஜிஎஸ்டி உண்டா என்ற விவரத்தோடு, முன்பே எழுத்தில் இருக்கட்டும்.

புதியவரை மூவரும் சேர்ந்தே அமர்த்துங்கள். நியமனக் கடிதத்தில் மூவரும் கையெழுத்திட்டு, கட்டணத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் வங்கிக் கணக்கிலிருந்தே அனுப்புங்கள். பாதி முன்பணம், மீதி அறிக்கை கைக்கு வந்ததும், என்ன மதிப்பு வந்தாலும். மூவரில் யாருக்காவது முன்பு வேலை செய்திருக்கிறாரா, மனை தரகு செய்கிறாரா என்பதை அவர் எழுதித் தர வேண்டும். வீட்டைப் பார்க்க வரும் நாளில் மூவரும் உடனிருங்கள். வரைவு அறிக்கை ஒரே மின்னஞ்சலில் மூவருக்கும் வரட்டும். அண்ணனுக்கு முதலில் காட்டித் திருத்தி அனுப்பும் வழி அதோடு அடைபடும்.

அண்ணன் தன் ஆளைத்தான் நம்புவேன் என்றால், நீங்களும் அக்காவும் வேறொருவரை வையுங்கள். இரண்டு மதிப்புக்கும் இடைவெளி பத்து சதவீதத்துக்குள் இருந்தால் சராசரி, அதற்கு மேல் போனால் அந்த இருவரும் சேர்ந்து சொல்லும் மூன்றாமவர் முடிவு என்று இப்போதே, இரண்டாவது எண் தெரியாதபோதே, எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். தேடிப் பார்த்ததில் அந்தத் தெருவின் விலை உண்மையிலேயே 2,300தான் என்று தெரிந்தால், 61 லட்சத்துக்குக் கையெழுத்திட எனக்கு ஆட்சேபணை இல்லை.