மின்விளக்குச் சரமும் சீனவெடியும்: ஒரு விதி, ஒரு எச்சரிக்கை

கேள்வி: எங்கள் வீட்டில் 4 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். தீபாவளிக்குக் கேற்றிலும் விறாந்தையிலும் கட்ட மின்விளக்குச் சரம் வாங்கவேண்டும். கடையில் எல்லாச் சரமும் ஒரே மாதிரித்தான் தெரிகிறது. கேட்டால், "எல்.ஈ.டி. தானே அக்கா, கரண்ட் அடிக்காது" என்கிறார்கள். மூத்தவன் சீனவெடியும் கேட்கிறான். எதைப் பார்த்து வாங்குவது, எதில் கட்டாயம் கவனமாக இருப்பது? பத்து விடயம் சொன்னால் மறந்துபோகும். முக்கியமானதை மட்டும் சொல்லுங்கள்.
— ஒரு தாய், கொக்குவில்

பதில்: விளக்குச் சரத்துக்கு ஒரு விதி போதும்: பிள்ளையின் கை எட்டும் இடத்தில் 230 வோல்ற் ஓடும் சரத்தைக் கட்டக்கூடாது. வெடிக்கு ஓர் எச்சரிக்கை போதும்: கொளுத்தியும் வெடிக்காத வெடிக்குக் கிட்ட எவரும் திரும்பிப் போகக்கூடாது. இந்த இரண்டையும் கடைப்பிடிப்பதற்கு என்ன தெரிந்திருக்கவேண்டும் என்பதை விளக்குகிறேன்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஓர் எல்.ஈ.டி. குமிழுக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 3 வோல்ற் மட்டுமே. ஆனால் மலிவான சரங்களில் 230 வோல்ற்றைக் குறைத்துக் கொடுக்கும் கருவி எதுவும் இருப்பதில்லை. பல பத்துக் குமிழ்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து, சுவரிலிருந்து வரும் மின்னழுத்தத்தை அவற்றுக்கிடையே பங்கிட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு குமிழின் பங்கும் சிறியதுதான். ஆனால் ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளை, மின்சாரம் வந்து சேரும் பக்கத்தில் உரிந்துபோன வயரையோ உடைந்த குமிழின் கம்பியையோ தொட்டால், அந்தக் கைக்கும் நிலத்துக்கும் இடையே இருப்பது 3 வோல்ற் அல்ல, கிட்டத்தட்ட முழு 230 வோல்ற். இரண்டு முள் பிளக்கை எந்தப் பக்கமாகவும் திருப்பிச் செருகலாம் என்பதால், சரத்தின் எந்த முனை அபாயமானது என்று வீட்டில் எவராலும் சொல்லமுடியாது. சரம் அணைந்திருக்கும்போதும் இந்த அபாயம் நீங்குவதில்லை. பொத்தானை அழுத்தி விளக்கை அணைத்தால் ஒளி நிற்கும், வயரில் மின்சாரம் நிற்கும் என்று நம்பமுடியாது. பிளக்கைக் கழற்றினால்தான் நிற்கும்.

கடையில் இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. பெட்டியைத் திறக்கச் சொல்லி, பிளக்குக்கும் முதலாவது குமிழுக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மெல்லிய வயர், தீப்பெட்டியளவிலான ஒரு பொத்தான் பெட்டி, அதற்கு அப்பால் குமிழ்கள் என்று இருந்தால், அது நேரடி 230 வோல்ற் சரம். அந்தப் பெட்டி விளக்குகளை மினுங்கச் செய்வதற்கானது, மின்னழுத்தத்தைக் குறைப்பதற்கானதல்ல. பிளக்கோடு சேர்ந்து கைத்தொலைபேசிச் சார்ஜரைப்போல ஓர் அடப்ரர் இருந்தால் அடுத்த கேள்விக்குப் போகலாம். அதன் முதுகில் பொடி எழுத்தில் இரண்டு வரிகள் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே வருவது எவ்வளவு என்பது ஒரு வரி, வெளியே போவது எவ்வளவு என்பது மற்றது. நீங்கள் வாசிக்கவேண்டியது இரண்டாவது வரியை. அதில் 5, 12, 24 அல்லது 31 வோல்ற் என்று இருந்தால் அந்தச் சரத்தைப் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் கட்டலாம்.

ஏமாறும் இடமும் இதுவே. நாடா வடிவில் விற்கும் சில விளக்குகளில் பிளக்கோடு ஒரு தடித்த கட்டி இருக்கும். பார்ப்பதற்கு அடப்ரர் போலவே தோன்றும். அது மின்சாரத்தின் வகையை மாற்றுகிறதே தவிர அழுத்தத்தைக் குறைப்பதில்லை. வெளியே போவதும் 220 வோல்ற்தான். ஆகவே கட்டி இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. எண்ணை வாசிக்கவேண்டும். எண்ணே அச்சிடப்படாத சரத்தை 230 வோல்ற் சரம் என்றே கணக்கில் எடுங்கள். கடைக்காரர் "இது 12 வோல்ற்" என்று வாயால் சொன்னால், பற்றுச்சீட்டில் அப்படியே எழுதித் தரும்படி கேளுங்கள். பிழையான பொருளைத் தந்துவிட்டு மாற்றித் தர மறுத்தால், அந்தப் பற்றுச்சீட்டோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

இனி உங்கள் கேற்றையே எடுத்துக்கொள்வோம். நேரடி 230 வோல்ற் சரத்தை இரும்புக் கேற்றில் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டுகிறார்கள். ஐப்பசிக் காற்றிலும், ஆட்கள் வந்துபோகும்போதும் கேற் ஆடுகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கட்டுக்கம்பி வயரின் மெல்லிய உறையைச் சிறிது சிறிதாக அறுக்கிறது. அன்று மாலை மழை தூறியதும் கேற் முழுவதும் மின்சாரம் பரவுகிறது. வெளியே எந்த அடையாளமும் தெரியாது. விளக்குகள் முன்போலவே அழகாக மினுங்கிக்கொண்டிருக்கும். அந்நேரம் பார்த்து, தேங்கிய தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு பிள்ளை கேற்றைத் தள்ளுகிறது.

"ரிப் சுவிற்ச் விழுந்துவிடும்தானே" என்று நீங்கள் கேட்கலாம். 30 மில்லி அம்பியர் என்று குறிக்கப்பட்ட ரிப் சுவிற்ச் நல்ல நிலையில் இருந்தால், இந்த நிலைமையில் அது விழவேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை இன்றைக்கே ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே விழாவிட்டால், பண்டிகைக்கு முன்னர் மின்னிணைப்பாளரைக் கூப்பிட்டு மாற்றுங்கள். இருந்தாலும் ரிப் சுவிற்ச்சுக்கு ஓர் எல்லை உண்டு. நிலத்துக்குக் கசியும் மின்சாரத்தையே அது உணரும். 4 வயதுப் பிள்ளை சரத்தைக் கடித்து, இரண்டு வயர்களும் ஒரே நேரத்தில் வாயில் பட்டால், மின்சாரம் ஒரு வயரால் வந்து மற்ற வயரால் திரும்பிப் போய்விடும், நிலத்துக்குக் கசியாது, சுவிற்ச்சும் விழாது. அதனால்தான் கருவியை நம்பாமல் கை எட்டாத தூரத்தை நம்பச் சொல்கிறேன்.

ஆகவே கேற்றுக்கும் விறாந்தைத் தூணுக்கும் அடப்ரர் உள்ள சரத்தையே வாங்குங்கள். அடப்ரரை வீட்டுக்குள் செருகி, அதிலிருந்து வரும் குறைந்த அழுத்த வயரை மட்டும் வெளியே கொண்டுபோங்கள். கம்பியால் கட்டாமல் நூற்கயிற்றால் கட்டுங்கள். முதல் நாள் எல்லோரும் விழித்திருக்கும்போது ஒரு மணித்தியாலம் எரியவிட்டு அடப்ரரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடோ கருகிய மணமோ இருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டியதுதான். வீட்டில் ஏற்கனவே 230 வோல்ற் சரம் இருக்கிறதென்றால், மழை படாத தாழ்வாரத்தின் கீழ், நிலத்திலிருந்து 2.5 மீற்றருக்கு மேலே கட்டுங்கள். 9 வயதுப் பிள்ளை கதிரையில் ஏறிக் கையை நீட்டினால் 2 மீற்றருக்குச் சற்று மேலேயும் எட்டும் என்பதை வைத்தே இந்த அளவைச் சொல்கிறேன்.

ஒன்றை இங்கே சொல்லாமல் விடமுடியாது. இரண்டு முள் பிளக்கைச் சதுரத் துவாரக் குதையில் செருகுவதற்காக, மேல் துவாரத்தில் பேனையையோ திருகாணி முடுக்கியையோ விட்டு மூடியைத் திறக்கும் பழக்கம் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. அந்த மூடி வைக்கப்பட்டதே பிள்ளைகள் துவாரத்துக்குள் எதையும் விடாமல் இருப்பதற்காகத்தான். பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைத் திறந்து காட்டுவது, எப்படித் திறப்பது என்று கற்றுக்கொடுப்பதாகவே முடியும். சதுர முள் பிளக் உள்ள சரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வெடி விடயத்தில், நமது தீபாவளி மாரி காலத்தில் வருகிறது என்பதை முதலில் நினைவில் வைக்கவேண்டும். ஈரம் பட்ட திரி சீராக எரியாது. நெருப்பு திரிக்குள்ளே மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும்; வெளியே பொறியும் தெரியாது, புகையும் தெரியாது. பார்ப்பவர் அணைந்துவிட்டது என்று நினைத்து, குனிந்து, ஊதி, மறுபடி கொளுத்தப் போவார். முகத்துக்கு நேரே வெடிப்பது அந்த நேரத்தில்தான். கண்ணும் விரல்களும் போவது பெரும்பாலும் இரண்டாவது முறை கிட்டப் போகும்போது என்பதை மூத்தவனுக்கு விளங்கச் சொல்லுங்கள்.

வெடிக்கவில்லை என்றால் 20 நிமிடமாவது அந்தப் பக்கம் போகாமல் இருங்கள். பிறகு பெரியவர் ஒருவர் எட்ட நின்று வாளித் தண்ணீரை ஊற்றி, நீண்ட தடியால் அதைத் தண்ணீர் வாளிக்குள் தள்ளி, மறுநாள் வரை ஊறவிடவேண்டும். சரவெடியில் பாதி வெடித்துப் பாதி நின்றாலும் இதேதான். மறுநாள் காலையில் வீதியில் கிடக்கும் வெடிக்காத சீனவெடிகளைப் பொறுக்கி, உடைத்து, மருந்தைக் காகிதத்தில் குவித்துக் கொளுத்துவது சிறுவர்களுக்கு விளையாட்டாகப் படும். அந்தக் குவியல் திரி இல்லாமல் ஒரே கணத்தில் பற்றிக்கொள்ளும். விலகுவதற்கு நேரமே கிடைக்காது. போருக்குப் பிறகு வெடிக்காத பொருளைக் கண்டால் தொடக்கூடாது என்று நம் பாடசாலைகளில் சொல்லிக்கொடுத்தார்களே, அந்தப் பழக்கத்தைச் சீனவெடிக்கும் பொருத்திச் சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்கும்.

வெடிக்காமல் போவதைக் குறைக்கும் வேலை வாங்கும்போதே தொடங்குகிறது. கடதாசி நமுத்திருந்தால், வெள்ளைப் பூப்போல உப்புப் படர்ந்திருந்தால், திரி ஆடினால், பெட்டியின் அடியில் மருந்துப்பொடி கொட்டியிருந்தால் வாங்காதீர்கள். அன்றைக்குக் கொளுத்தி முடிக்கும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள். மிஞ்சியதைத் தைப்பொங்கலுக்கு என்று வைத்தால் மாரி முழுவதும் அது ஈரம் குடிக்கும். நமுத்த வெடியை அடுப்படியில் வைத்து உலர்த்துவது மிகவும் ஆபத்தானது; அதைத் தண்ணீரில் போடுவதே வழி. கொளுத்துபவர் பெரியவராக இருக்கட்டும். நீண்ட ஊதுபத்தியால், பக்கவாட்டில் நின்று, வெடியின் மேல் குனியாமல் கொளுத்தவேண்டும். சிறியவரின் கையில் கம்பி மத்தாப்பையும் கொடுக்காதீர்கள். பொறி நின்ற பிறகும் அந்தக் கம்பி சில நிமிடங்களுக்குத் தோலைச் சுடும் சூட்டில் இருக்கும். முடிந்ததும் நேரே வாளித் தண்ணீருக்குள் போடவேண்டும்.

சூடு பட்டுவிட்டால், ஓடும் சாதாரண தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, எண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். கண்ணில் பட்டால் கசக்கவோ அழுத்தவோ விடாமல், ஒரு சுத்தமான கடதாசிக் கோப்பையைக் கண்ணின் மேல் படாமல் கவிழ்த்துப் பிடித்தபடி யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த நோயாளர் காவுவண்டிச் சேவைக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.