ஊரிலிருந்து போன் வந்தால் வார்டைப் பற்றி என்ன சொல்வது?

"அக்கா, நான் முதலியார்பேட்டை. பாரீஸ் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் செக்ரட்டரி வேலையில் சேர்ந்து 3 மாதம் ஆகிறது. நம்ம ஊர்க்காரர் ஒருவர் இங்கே அட்மிட் ஆகியிருக்கிறாராமே என்று புதுச்சேரியிலிருந்து உறவுக்காரர்கள் எனக்குப் போன் பண்ணி விசாரிக்கிறார்கள். சொல்ல மாட்டேன் என்றால், பிரான்ஸ் போனதும் தலைக்கனம் வந்துவிட்டது என்கிறார்கள். மனசு நோகாமல் எப்படி மறுப்பது?"

தங்கச்சி, எனக்கு வைத்திக்குப்பம். 19 வருஷமாக நானும் இதே வேலையில்தான் இருக்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் என் இரண்டாவது வருஷம் ஞாபகம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூரத்து உறவான பெரியம்மா ஒருவர் ஊரிலிருந்து கூப்பிட்டார். முத்தியால்பேட்டைப் பெண் ஒருத்தியின் பெயரைச் சொல்லி, "அது உங்க ஆஸ்பத்திரியிலதான் இருக்காமே, பார்த்தியா?" என்றார். நோயைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அதனால் கவனமாக, "மூணாவது மாடியில இருக்காங்க பெரியம்மா, நல்லா பேசுனாங்க" என்று மட்டும் சொன்னேன். பெரியம்மாவின் மகள் முன்பு இதே ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு இருந்தவள். மூன்றாவது மாடி புற்றுநோய் வார்டு என்று அவளுக்குத் தெரியும். இரவுக்குள் செய்தி முத்தியால்பேட்டையில் இருந்தது. சிகிச்சை முடிந்தபின் நேரில் போய் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று அந்தப் பெண் மறைத்து வைத்திருந்தார். மறுநாள் காலை என்னைப் பார்த்து, "நீங்களா சொன்னீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மேலதிகாரி எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். ஆனால் எனக்கு இன்றுவரை உறுத்துவது அந்தத் திரும்பிய முகம்தான்.

இங்கே தொழில் ரகசியம் டாக்டருக்கும் நர்ஸுக்கும் மட்டும் உரியது இல்லை. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற எல்லோரையும் அது கட்டுப்படுத்துகிறது, நம்மையும் சேர்த்து. மீறினால் குற்றவியல் சட்டத்தின் 226-13ஆம் பிரிவின்படி 1 வருஷம் வரை சிறை, 15,000 யூரோ வரை அபராதம். என்ன நோய் என்பது மட்டும்தான் ரகசியம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதும், எந்த மாடி, எந்த டாக்டர், என்றைக்கு வீட்டுக்குப் போகிறார் என்பதும் அதில் அடக்கம். தான் அட்மிட் ஆகியிருப்பதையே வெளியில் சொல்லக் கூடாது என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. அப்படிக் கேட்டவரைத் தேடி யாராவது வரவேற்பு மேசைக்கு வந்தால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று உங்கள் சர்வீஸில் ஒரு வாசகம் வைத்திருப்பார்கள். அதைக் கேட்டு வாங்கி, அப்படியே சொல்லுங்கள்.

உங்கள் சொந்தக் கைபேசிக்கு வரும் அழைப்பு வேறு சங்கதி. அதற்கு ஒரே பதில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஆள் இருந்தாலும் அதே பதில், இல்லாவிட்டாலும் அதே பதில். நிறையப் பேர் தவறுவது இங்கேதான். ஆள் இல்லாதபோது "அப்படி யாரும் இல்லையே" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். இருக்கும்போது "அதையெல்லாம் சொல்லக் கூடாது" என்கிறோம். இரண்டு முறை கேட்டவருக்கு மூன்றாவது முறை விளக்கம் தேவைப்படாது. நம் மறுப்பே பதிலாகிவிடும்.

இன்னொன்று, கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டிப் பார்க்காதீர்கள். "ஒரு கண் பார்த்துக்கலாம், யாருக்கும் சொல்லப் போறதில்ல" என்று கை போகும். எந்தக் கணக்கிலிருந்து யாருடைய கோப்பு எத்தனை மணிக்குத் திறக்கப்பட்டது என்பது பதிவாகும். அந்த நோயாளியின் சிகிச்சையோடு உங்கள் வேலைக்குச் சம்பந்தம் இல்லை என்றால், திறந்ததே தவறு. பார்க்காமல் இருந்தால் இன்னொரு நிம்மதியும் உண்டு. "எனக்குத் தெரியாது சித்தப்பா" என்று நீங்கள் சொல்வது பொய்யாக இருக்காது.

சரி, எப்படிச் சொல்வது? போன மாதம்கூட எனக்கு ஒரு அழைப்பு வந்தது. லாஸ்பேட்டையிலிருந்து அப்பாவின் நண்பர். தன் அண்ணன் மகனுக்கு ஆபரேஷன் என்று கேள்விப்பட்டிருக்கிறார், குரலில் பதற்றம். முதலில் அவர் பேசி முடிக்கும்வரை கேட்டேன். பிறகு சொன்னேன்: "மாமா, எங்க ஆஸ்பத்திரியில யார் இருக்காங்க, இல்லைங்கறதைக்கூட நான் வெளியில சொல்ல முடியாது. என் தங்கச்சி கேட்டாலும் இதுதான். நாளைக்கு நீங்க இங்க படுத்தாலும் உங்களைப் பத்தியும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா விஷயம் தெரிஞ்சுக்க வழி சொல்றேன், பேப்பர் எடுத்துக்கோங்க."

அந்தக் கடைசி வரியில் நிஜமாகவே ஏதாவது இருக்க வேண்டும். இங்கே நிலைமை மோசமாக இருந்தால், நோயாளி வேண்டாம் என்று தடுத்திருந்தாலொழிய, நெருங்கிய குடும்பத்தாருக்குத் தேவையானதை டாக்டர் சொல்லலாம். டாக்டரோ, அவர் பொறுப்பில் வேறொருவரோதான் சொல்ல வேண்டும். நோயாளி எழுத்தில் ஒருவரை 'பெர்சோன் தெ கான்ஃபியான்ஸ்', அதாவது தன் நம்பிக்கைக்கு உரியவர் என்று நியமித்துக்கொள்ளலாம். அவர் டாக்டரைப் பார்க்கும்போது கூட இருக்கலாம். அதனால் மாமாவிடம், பையனின் மனைவியைக் கூப்பிடச் சொன்னேன். அவளும் எடுக்காவிட்டால் ஆஸ்பத்திரியின் பொது எண்ணுக்குப் போட்டு, உறவுமுறையைச் சொல்லி, குடும்பத்தோடு டாக்டர் பேசும் நேரத்தைக் கேட்கச் சொன்னேன். இங்கே மத்தியானம் 2 மணி என்றால் ஊரில் கோடையில் மாலை 5.30, குளிர்காலத்தில் 6.30, அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவருக்குப் பிரெஞ்சு வராது. போனில் சொல்ல வேண்டிய மூன்று வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அதில் நோயாளி பெயருக்கு இடம் காலியாக விட்டிருந்தேன். அவரே நிரப்பிக்கொள்ளட்டும் என்று.

"நான் கேட்டேன்னு அவன்கிட்ட சொல்லிடும்மா" என்பார்கள். இரக்கத்தில் அதற்கும் சரி சொல்லிவிடாதீர்கள். சொன்னால் ஆள் அங்கேதான் இருக்கிறார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். நோயாளியும், நான் இங்கே இருப்பது ஊருக்கு எப்படித் தெரிந்தது என்று உங்களைத்தான் பார்ப்பார்.

முதல் இரண்டு மூன்று தடவை கோபிப்பார்கள். மாமாவும் பட்டென்று போனை வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து நானே கூப்பிட்டேன், பையனைப் பற்றிப் பேச இல்லை. டாக்டரிடம் பேச முடிந்ததா, பொது எண் கிடைத்ததா என்று கேட்க. கிடைத்தது என்றார், குரலில் கோபம் இல்லை. அதற்குமேல் அவராகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். "ஆமாம், நானும் பார்த்தேன்" என்று நடுவில் சேர்க்கவில்லை.

அப்புறம், லா ஷாப்பெலில் காய்கறி வாங்கப் போகும்போது உங்கள் நோயாளி யாராவது குடும்பத்தோடு எதிரே வருவார். அவர் முதலில் பேசாவிட்டால் நீங்கள் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். அவரே நின்று பேசினாலும் "இப்ப உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிடாதீர்கள், பக்கத்தில் நிற்கும் மாமியாருக்கு அவர் அட்மிட் ஆனதே தெரியாமல் இருக்கலாம்.