ரசீதில் அச்சாகாத 375 ரூபாய்

"அண்ணே, நான் உசிலம்பட்டிப் பக்கம். துபாய்க்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. போன வியாழக்கிழமை ராத்திரி அம்மாவுக்கு 1,500 திர்ஹாம் அனுப்பினேன். கட்டணம் என்று 21 திர்ஹாம் தனியாக வாங்கினார்கள். செல்போனில் பார்த்த ரேட்டுக்கு 34,200 ரூபாய் வரவேண்டும், ஆனால் 33,825தான் ஏறியிருக்கிறது. உடனே ஏறும் என்றார்கள், மறுநாள் மத்தியானம்தான் ஏறியது. ரசீதைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. மீதிப் பணம் எங்கே போனது?"

தம்பி, அந்த 375 ரூபாயை ஊரில் உள்ள வங்கி பிடிக்கவில்லை. நீங்கள் கவுண்டரில் பணத்தை எண்ணிக் கொடுத்த நிமிடத்திலேயே, எக்ஸ்சேஞ்ச் கடை போட்ட மாற்று விகிதத்துக்குள் அது கழிந்துவிட்டது. கட்டணத்துக்கு ரசீதில் ஓர் இடம் உண்டு, வரிக்கு ஓர் இடம் உண்டு, ஆனால் விகிதத்தில் கடை வைத்துக்கொள்ளும் லாபத்துக்கு எந்த ரசீதிலும் தனி இடம் கிடையாது. அதனால்தான் எத்தனை முறை படித்தாலும் கணக்கு நேராகவில்லை. நான் துபாயில் 18 ஆண்டுகளாக இருக்கிறேன். இப்போது விடுப்பில் திருமங்கலத்தில் வீட்டில் இருப்பதால், நான் அனுப்பிய ரசீதுகளையும் என் மனைவியின் பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து இதை எழுதுகிறேன்.

உங்கள் ரசீதையே மேலிருந்து படிப்போம். அனுப்பும் தொகை 1,500 திர்ஹாம். சேவைக் கட்டணம் 20. அதற்குக் கீழே மதிப்புக் கூட்டு வரி என்று 1 திர்ஹாம் இருக்கும். 2018 ஜனவரி முதல் அங்கே நடைமுறையில் உள்ள 5 சதவீத வரி அது, நீங்கள் அனுப்பும் தொகைக்கு அல்ல, கட்டணமான 20 திர்ஹாமுக்கு மட்டும் போடப்படுவது. ஆக நீங்கள் கையிலிருந்து கொடுத்தது 1,521 திர்ஹாம். அடுத்து இருப்பது மாற்று விகிதம், உங்கள் கணக்குப்படி அது 22.55 ஆக இருக்க வேண்டும். 1,500ஐ 22.55ஆல் பெருக்கினால் 33,825 வரும், அம்மா கணக்கில் ஏறியதும் அதுதான். ரசீதில் எழுதியபடி கடை சரியாகவே அனுப்பியிருக்கிறது.

நீங்கள் செல்போனில் பார்த்த 22.80 என்பது, வங்கிகள் தங்களுக்குள் பெருந்தொகையாக வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் நிற்கும் சந்தை விலை. அந்த விலைக்கு நம்மைப் போன்றவர்களுக்கு எந்தக் கவுண்டரிலும் ரூபாய் கிடைக்காது. ஆனால் கடை எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று அளப்பதற்கு அதைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும். செல்போனை நம்பாவிட்டாலும் நீங்களே அதைக் கண்டுபிடிக்கலாம். திர்ஹாம் 1997 முதல் டாலரோடு கட்டப்பட்ட பணம், ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்பது மாறுவதில்லை. செய்தியில் சொல்லும் டாலர் விலையை 3.6725ஆல் வகுத்தால் அன்றைய திர்ஹாம் விலை வந்துவிடும். டாலர் 83.73 ரூபாய் என்றால் திர்ஹாம் 22.80. எக்ஸ்சேஞ்ச் கடை, இந்தியாவில் ஒரு வங்கியோடு ஒப்பந்தம் செய்து, அந்த வங்கியில் தன் பெயரில் உள்ள கணக்கில் ரூபாயை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கும். அந்த ரூபாயைச் சந்தை விலைக்கு நெருக்கமாக வாங்கி, நமக்கு 22.55 என்று கொடுக்கிறது. நடுவில் உள்ள 25 காசுதான் அதன் லாபம், 1,500 திர்ஹாமுக்கு அது 375 ரூபாய். வார இறுதியில் சந்தை மூடியிருக்கும்போது, திங்கட்கிழமை விலை எப்படித் திறக்குமோ என்ற பயத்தில் இந்த இடைவெளியை இன்னும் கொஞ்சம் அகலமாக வைக்கும் கடைகளும் உண்டு.

இதோடு கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள். 21 திர்ஹாமைச் சந்தை விலையில் மாற்றினால் ஏறக்குறைய 479 ரூபாய் ஆகிறது. விகிதத்தில் 375, கட்டணத்தில் 479, மொத்தம் 854 ரூபாய் இந்த ஒரு முறை அனுப்பியதற்குச் செலவு. நீங்கள் கொடுத்த தொகையில் இது சுமார் இரண்டரை சதவீதம். அநியாயம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இது மாதாமாதம் போகும் பணம் என்பதால் அடுத்த முறை கவனிக்காமல் விடாதீர்கள்.

இரண்டு கடைகளை ஒப்பிடும்போது விகிதத்தை மட்டும் பார்க்கிறவரும் கட்டணத்தை மட்டும் பார்க்கிறவரும் ஏமாறுவார்கள். நான் ஏமாந்திருக்கிறேன். "கட்டணம் இல்லை" என்று பெரிதாக எழுதி வைத்திருந்த ஒரு கடைக்கு, வந்த புதிதில் இரண்டு ஆண்டுகள் போய்க்கொண்டிருந்தேன். அந்த மாதிரிக் கடை உங்களுக்கு 22.10 என்று விகிதம் கொடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 1,521 திர்ஹாமையும் முழுதாக அனுப்பினால் ஊரில் ஏறுவது 33,614 ரூபாய். கட்டணம் வாங்கிய உங்கள் கடையைவிட 211 ரூபாய் குறைவு. எனவே கணக்கு ஒன்றுதான்: ஊரில் ஏறும் ரூபாயை, நீங்கள் கொடுக்கும் மொத்தத் திர்ஹாமால் வகுக்க வேண்டும். உங்கள் கடைக்கு 33,825ஐ 1,521ஆல் வகுத்தால் 22.24. கட்டணமில்லாத கடைக்கு 22.10. எது பெரிதோ அங்கே அனுப்புங்கள். கவுண்டரில் நிற்கும்போது வகுத்துக்கொண்டிருக்க முடியாது என்றால், "என் கையிலிருந்து மொத்தம் 1,521 திர்ஹாம்தான் தருவேன், ஊரில் எத்தனை ரூபாய் ஏறும்?" என்ற ஒரே கேள்வியை, ஏறக்குறைய ஒரே நேரத்தில், இரண்டு கடைகளில் கேளுங்கள். பணத்தைக் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டும், ரசீது அச்சாகிவிட்டால் விகிதம் பூட்டப்பட்டுவிடும். செல்போன் செயலியில் அனுப்புவதாக இருந்தாலும் இதே கேள்விதான், ஆனால் முதல் முறைக்கு மட்டும் சலுகை விகிதம் காட்டும் செயலிகள் உண்டு என்பதால் இரண்டாவது முறை அனுப்பும்போது மறுபடியும் ஒப்பிட வேண்டும்.

விகிதம் சில ரசீதுகளில் தலைகீழாக அச்சாகியிருக்கும், அதை மட்டும் கவனியுங்கள். 22.55 என்று போடாமல், ஆயிரம் ரூபாய்க்கு 44.35 திர்ஹாம் என்று போடுவார்கள். இரண்டும் ஒன்றேதான், ஆனால் இந்த முறையில் எண் சிறிதாக இருந்தால்தான் நமக்கு நல்லது. என்னோடு அறையில் இருந்த ஒருவர் 44.60 கொடுக்கும் கடை 44.35 கொடுக்கும் கடையைவிட மேல் என்று நினைத்துப் பல மாதங்கள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

கட்டணம் பெரும்பாலும் தொகையைப் பொறுத்துப் பெரிதாக மாறுவதில்லை. 1,500 அனுப்பினாலும் 21, 750 அனுப்பினாலும் 21 என்றால், ஒரே மாதத்தில் இரண்டு முறையாகப் பிரித்து அனுப்புவது இன்னொரு 479 ரூபாயைக் கவுண்டரில் வைத்துவிட்டு வருவதாகும். அம்மாவுக்கு அவசரம் இல்லாத மாதங்களில் ஒரே தடவையாக அனுப்பிவிடுங்கள்.

இனி நேரத்துக்கு வருகிறேன். "உடனே" என்று கவுண்டரில் சொல்வது, எல்லாம் சரியாக இருந்து, பணம் அந்தக் கடையிலிருந்து வெளியேறிய பிறகு ஆகும் நேரத்தை. நீங்கள் கொடுத்த பணம் முதலில் கடையின் சரிபார்ப்பைத் தாண்ட வேண்டும், பிறகு இந்தியாவில் உள்ள அதன் கூட்டு வங்கிக்குத் தகவலாகப் போக வேண்டும், அங்கிருந்துதான் அம்மாவின் வங்கிக்கு வரும். கடைசிப் பகுதி இப்போது தாமதமாவதில்லை. வங்கிகளுக்கிடையே பணம் மாறும் நெஃப்ட் முறை 2019 டிசம்பர் 16 முதல் இரவு பகல், விடுமுறை என்று பாராமல், அரை மணிக்கு ஒரு தொகுப்பாக ஓடுகிறது. தாமதம் பெரும்பாலும் அனுப்பும் பக்கத்தில்தான். இந்திய நேரம் துபாய் நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் முந்தியது. நீங்கள் வேலை முடிந்து ராத்திரி 9.30க்குப் பணம் கட்டினால் உசிலம்பட்டியில் அப்போது 11 மணி. அன்றைய தொகுப்பைக் கடை அனுப்பி முடித்திருந்தால், உங்கள் பணம் மறுநாள் காலைத் தொகுப்பில்தான் சேரும். ரசீதில் அச்சான நேரத்தைப் பாருங்கள், உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கக்கூடும். உடனே ஏற வேண்டிய நாட்களில் மதிய இடைவேளையில் கட்டுவது நல்லது.

ஒரு நாளுக்கு மேல் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பெயரையும் கணக்கு எண்ணையும்தான். நம் பக்கத்து இனிஷியல் வழக்கத்தால் வரும் தொல்லை இது. என் மனைவியின் பாஸ்புக்கில் கணவர் இனிஷியல், அடையாள அட்டையில் அப்பா இனிஷியல், நான் கவுண்டரில் சொன்னதோ இனிஷியலே இல்லாத பெயர். அந்தப் பணம் மூன்று நாள் சரிபார்ப்பில் நின்றது. பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, பயனாளியைப் பதிவு செய்யுங்கள். கணக்கு எண்ணில் இன்னும் கவனம் வேண்டும். ஏனென்றால் நெஃப்ட்டில் பணம் ஏறுவது கணக்கு எண்ணை வைத்துத்தான், பெயரை வைத்து அல்ல. ஓர் இலக்கம் மாறி, அந்த எண்ணில் வேறொருவர் கணக்கு இருந்துவிட்டால், பணம் அவருக்கு ஏறிவிடும். அம்மாவிடம் பழைய பாண்டியன் கிராம வங்கியின் பாஸ்புக் இருந்தால் அதில் உள்ள ஐஎஃப்எஸ்சி என்ற கிளைக் குறியீட்டை அப்படியே எழுதாதீர்கள். அது 2019 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாடு கிராம வங்கி ஆகிவிட்டது, எனவே இப்போதைய குறியீட்டைக் கிளையில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அந்தக் குறியீட்டில் ஐந்தாவது இடத்தில் வருவது சுழியம், ஆங்கில "ஓ" எழுத்து அல்ல.

பணம் வரவில்லை என்று அம்மா வங்கிக்குப் போவதாக இருந்தால், உங்கள் ரசீதில் பெரிதாக இருக்கும் பரிவர்த்தனை எண்ணை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அது அந்த எக்ஸ்சேஞ்ச் கடையின் சொந்த எண், ஊர் வங்கியின் கணினியில் அதைத் தேட முடியாது. கடைக்குப் போன் செய்து "யுடிஆர் எண் கொடுங்கள்" என்று கேளுங்கள். வங்கிகளுக்கிடையே பணம் மாறும்போது அந்தப் பரிமாற்றத்துக்கு விழும் எண் அது. நெஃப்ட்டில் அனுப்பியிருந்தால் அது எழுத்தும் எண்ணுமாக 16 இடங்கள் கொண்டது. அதைக் கடையால் சொல்ல முடியவில்லை என்றால் பணம் இன்னும் அவர்களிடமிருந்தோ கூட்டு வங்கியிடமிருந்தோ பெரும்பாலும் கிளம்பியிருக்காது, அம்மாவை வெயிலில் வங்கிக்கு அலைய விடாமல் கடையையே கேளுங்கள். எண் கிடைத்துவிட்டால், ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அம்மா கவுண்டரில் கொடுக்கட்டும், அதை வைத்துப் பணம் எங்கே நிற்கிறது என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

ரசீதை வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். அது சூட்டில் எழுத்து விழும் தாள். இங்கே பீரோவில் என் மனைவி பத்திரமாக வைத்திருந்த பழைய ரசீதுகளில் பாதி, எழுத்தே இல்லாத வெள்ளைத் தாளாகிவிட்டன.