குளம்புக்குள் எலும்பு 7 டிகிரி திரும்பினால்: முதல் வாரத்தில் என்ன செய்வது?

கேள்வி: டாக்டர் ஐயா, நாங்கள் தேவகோட்டைப் பக்கம். மாப்பிள்ளை அழைப்புக்கு விடுகிற எங்கள் மார்வாரி பெண் குதிரை, ஞாயிறு ராத்திரி கல்யாண வீட்டுப் பின்கட்டில் கட்டை அவிழ்த்துக்கொண்டு பச்சரிசி மூட்டையில் வாய் வைத்துவிட்டது. செவ்வாய் காலையிலிருந்து முன்னங்கால் ஊன்றத் தயங்குகிறது. இன்று வியாழக்கிழமை எக்ஸ்ரே எடுத்தோம். லேமினைடிஸ், எலும்பு 7 டிகிரி சுழன்றுவிட்டது என்கிறார்கள். படமும் அளவுகளும் அனுப்பியிருக்கிறேன். கொஞ்சம் நடக்க விட்டால் சரியாகிவிடும் என்று மாமா சொல்கிறார். இனி தேறுமா? இந்த வாரம் என்ன செய்யணும்?

பதில்: முதலில் மாமாவிடம் சொல்லிவிடுங்கள், நடக்க விடவே கூடாது. வயிற்று வலிக்கும் ஓட்டத்துக்குப் பிறகு வரும் தசைப் பிடிப்புக்கும் நடத்திப் பார்ப்பது நம் பக்கத்து வழக்கம், அதனால்தான் அவர் அப்படிச் சொல்கிறார். இந்த நோயில் ஒவ்வொரு அடியும் சேதத்தைக் கூட்டும். காரணம் குளம்பின் அமைப்பிலேயே இருக்கிறது.

குளம்புக்குள் இருக்கும் கடைசி எலும்பு அடிப்பாதத்தின் மேல் உட்கார்ந்திருக்கவில்லை. குளம்புச் சுவரின் உட்புறத்திலிருந்து தொங்குகிறது. சுவரில் ஏறத்தாழ 600 மெல்லிய மடிப்புகள் உண்டு. எலும்பைப் போர்த்திய திசுவிலும் அதே மாதிரி மடிப்புகள். இரண்டு சீப்புகளின் பற்களை ஒன்றுக்குள் ஒன்று செருகியது போல இவை கோத்து நின்று, குதிரையின் எடையைத் தாங்குகின்றன. அளவுக்கு மீறித் தின்ற அரிசியின் மாவுச்சத்து சிறுகுடலில் முழுக்கச் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். அங்கே அமிலம் ஏறி, குடல் சுவர் கெட்டு, நச்சு ரத்தத்தில் கலக்கும். அதன் விளைவாக இந்த மடிப்புகள் வீங்கிப் பிடி தளரும். லேமினைடிஸ் என்பது இதுதான். ஆனால் எலும்பின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் தடித்த தசைநாண் எப்போதும் அதைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. முன்பக்கப் பிடி தளர்ந்ததும் எலும்பின் நுனி கீழ்நோக்கித் திரும்புகிறது. நடக்கும்போது கால் எழும்பும் ஒவ்வொரு முறையும் இந்த இழுவை அதிகம். மாமாவின் யோசனை இங்கேதான் ஆபத்தாகிறது.

தின்றதற்கும் வலி தெரிந்ததற்கும் இடையில் ஒன்றரை நாள் போயிருக்கிறது. மாவுச்சத்தால் வரும் லேமினைடிஸில் ஒன்றிரண்டு நாள் வெளியே எதுவும் தெரியாது, உள்ளே மடிப்புகள் கெட்டுக்கொண்டிருக்கும். ஐஸ் மிக நன்றாக வேலை செய்வது அந்த இடைவெளியில்தான். இன்னொரு தடவை எந்தக் குதிரையாவது மூட்டையை அவிழ்த்துவிட்டால், நொண்டும்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டு, கால்களை ஐஸில் வைக்கத் தொடங்குங்கள்.

ஆரம்ப அறிகுறிகளில் நான் மிகவும் நம்புவது கால் நாடியை. குளம்புக்கு மேலே முதல் மூட்டின் பின்பக்கம், இரண்டு ஓரங்களிலும் ஒரு நாளம் ஓடுகிறது. இரண்டு விரல்களை லேசாக வைத்துப் பாருங்கள். நல்ல குதிரையில் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். லேமினைடிஸில் விரலைத் தள்ளுகிற மாதிரித் துடிக்கும். குளம்பின் சூட்டை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, நம் ஊர் வெயிலில் எல்லாக் குளம்பும் சுடும். விடிகாலையில் தொட்டு, பின்னங்கால்களோடு ஒப்பிட்டால் ஓரளவு சொல்லலாம். அப்புறம், நிற்கும்போது ஒரு முன்னங்காலிலிருந்து மற்றதற்கு அடிக்கடி எடை மாற்றும். நேராக நடப்பதைவிடத் திரும்பும்போது அதிகம் தயங்கும். வலி கூடினால் முன்னங்கால்களை முன்னே நீட்டி, எடையைப் பின்னங்கால்களில் போட்டுச் சாய்ந்து நிற்கும். ஒரே காலில் திடீரென்று கடும் நொண்டல் என்றால் பெரும்பாலும் குளம்புக்குள் சீழ். இரண்டு முன்னங்காலும் சேர்ந்து வலித்தால் லேமினைடிஸைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

சரி, படத்துக்கு வருவோம். டிகிரி எண் நம்பத்தக்கதா என்பது படம் எடுத்த விதத்தைப் பொறுத்தது. இரண்டு முன்னங்கால்களும் ஒரே உயரமான மரக்கட்டைகளில் இருக்க வேண்டும். கதிர் பக்கவாட்டில், அடிப்பாத மட்டத்துக்குச் சற்று மேலே நேராக வர வேண்டும். குளம்பின் முன்சுவரில், மயிர் தொடங்கும் கோட்டிலிருந்து கீழ்நோக்கி அளவு தெரிந்த ஒரு கம்பியை ஒட்ட வேண்டும். உங்கள் படத்தில் இது சரியாகவே இருக்கிறது. 50 மில்லிமீட்டர் கம்பி படத்தில் 55 ஆகத் தெரிகிறது, அதாவது எல்லாம் 1.1 மடங்கு பெரிதாக விழுந்திருக்கிறது. ஆகவே மில்லிமீட்டர் அளவுகளை 1.1 ஆல் வகுக்க வேண்டும். கோணங்கள் மாறாது.

குளம்புச் சுவர் தரையோடு 52 டிகிரி, எலும்பின் முன்முகம் 59 டிகிரி. வித்தியாசம் 7. நல்ல குளம்பில் இந்த இரண்டு கோடுகளும் ஏறத்தாழ இணையாக ஓடும். சுவரின் வெளிப்புறத்திலிருந்து எலும்பு வரையுள்ள தடிமனும் அதையே சொல்கிறது. மேலே 16 மி.மீ., கீழே எலும்பு நுனியருகே 24 மி.மீ. நல்ல குளம்பில் மேலும் கீழும் ஏறத்தாழ ஒரே அளவு இருக்கும், பெரும்பாலும் 14 முதல் 18-க்குள். கோணம் பெரிதாகத் தெரியும் முன்பே இந்தத் தடிமன் கூடத் தொடங்கிவிடும். அதனால் முதல் நாள் படத்தில் டிகிரியைவிட இதைப் பார்ப்பதே பயன்.

இனி, பலரும் அளக்காமல் விடுகிற இரண்டு அளவுகள். ஒன்று, எலும்பு நுனிக்குக் கீழே அடிப்பாதத்தின் தடிமன். உங்கள் குதிரைக்குப் படத்தில் 13, உண்மையில் சுமார் 12 மி.மீ. 15 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது, 10-க்குக் கீழே போனால் கவலை. இரண்டாவது, மயிர்க்கோட்டுக்கும் எலும்பின் உச்சிக்கும் இடையிலான செங்குத்துத் தூரம். உங்களுக்கு 8 மி.மீ. இது 10-க்குள் இருப்பதால் எலும்பு மொத்தமாகக் கீழே இறங்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இறங்கிய எலும்பு திரும்பிய எலும்பைவிட மோசமானது. டிகிரி எண் சிறிதாக இருந்தும் குதிரையை இழப்பது பெரும்பாலும் அப்படித்தான்.

1982-இல் வெளியான ஓர் ஆய்வில், சுழற்சி 5.5 டிகிரிக்குள் இருந்த குதிரைகள் மறுபடி ஓட்டத்துக்கு வந்தன, 11.5-ஐத் தாண்டியவை வரவில்லை, நடுவில் இருந்தவை நிச்சயமில்லை. உங்களிடம் யாராவது இந்தக் கணக்கைச் சொல்லலாம். பின்னால் வந்த ஆய்வுகளில் டிகிரிக்கும் முடிவுக்கும் இவ்வளவு நேரான தொடர்பு தெரியவில்லை. எலும்பு இறங்கிய தூரமும், வலி எவ்வளவு என்பதும் நன்றாகவே முன்னறிவித்தன. 7 டிகிரி, 12 மி.மீ. அடிப்பாதம், இறக்கம் இல்லை என்ற நிலையில், எலும்பு இதற்கு மேல் நகராவிட்டால் உங்கள் குதிரை தேற நல்ல வாய்ப்பு உண்டு. ஊர்வலத்துக்குத் திரும்புவது பல மாத விஷயம், இந்த சீசனை மறந்துவிடுங்கள்.

இந்த வாரத்து வேலைகளில் அவசரமானது தரை. உங்கள் லாயம் கல் பாவியதா, சிமெண்டா என்று எழுதவில்லை. எதுவானாலும் இன்றைக்கே ஓர் அடி கனத்துக்கு மணல் கொட்டுங்கள். குதிரை தானே நுனியைப் புதைத்து, குதிகாலை உயர்த்தி, வலி குறையும் விதமாக நிற்கும். அது படுத்தால் எழுப்ப வேண்டாம், படுப்பது எடையைக் குறைக்கிறது. தீவனத்தை அகலமான தொட்டியில் போடுங்கள், மணலோடு சேர்த்துத் தின்றால் வயிற்று வலி வரும். லாடம் இருந்தால், ஆணிகளை ஒவ்வொன்றாக உருவி நோகாமல் கழற்ற முடிந்தால் மட்டும் கழற்றலாம். காலைத் தூக்கவே விடவில்லை என்றால் அப்படியே இருக்கட்டும். அடிப்பாதத்தைச் சீவ லாடக்காரரை விடாதீர்கள். அந்த 12 மில்லிமீட்டரில் ஒன்றைக்கூட இழக்க முடியாது.

ஐஸ் இன்னும் பயன் தரும் நேரம்தான். நொண்டத் தொடங்கி இரண்டு நாள்தான் ஆகிறது. மீன் மார்க்கெட்டுக்கு வரும் ஐஸ் பாரை உடைத்து, தண்ணீரோடு கலந்து, முட்டிக்குச் சற்றுக் கீழே வரை நனைய வேண்டும். பெரிய குளுக்கோஸ் பைகளைக் காலில் மாட்டி நிரப்பலாம், உயரமான வாளியும் சரி. வெறும் குளிர்ந்த தண்ணீரோ, துணியில் சுற்றிய ஐஸோ குளம்புக்குள் குளிரைக் கொண்டுபோகாது. குளம்பு 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும், அதுவும் விட்டு விட்டு அல்ல, இரவும் பகலும் தொடர்ந்து. நம் வெயிலில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஐஸ் சேர்க்க வேண்டியிருக்கும், வீட்டில் முறை போட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை வாக்கில், அதிகம் போனால் ஞாயிறன்று நிறுத்தலாம். இடையிடையே தோல் ஊறிப் புண்ணாகிறதா என்று பாருங்கள்.

மருந்தை உங்கள் டாக்டர் எடை பார்த்துத்தான் முடிவு செய்வார். எடை மேடை இல்லாவிட்டால், நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டத்தின் பின்முனை எலும்பு வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,877 ஆல் வகுத்தால் கிலோ வரும். நீங்கள் தந்த 165, 150 அளவுகளுக்கு ஏறத்தாழ 345 கிலோ. வலிக்கும் வீக்கத்துக்கும் வழக்கமாகத் தரும் ஃபுளுனிக்ஸின், கிலோவுக்கு 1.1 மில்லிகிராம் கணக்கில் 380 மி.கி. வரும், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை நரம்பில். நன்றாகத் தண்ணீர் குடிக்கும் குதிரைக்குத்தான் இது, இல்லாவிட்டால் சிறுநீரகம் கெடும். இன்னொரு வலி மருந்தை இதோடு சேர்க்கக் கூடாது. வீக்கம் வடிய என்று யாராவது டெக்ஸாமெத்தசோன் ஊசி போட வந்தால் மறுத்துவிடுங்கள், ஸ்டீராய்டு லேமினைடிஸை மோசமாக்கலாம். வலி முழுக்க மறைந்தாலும் நடக்க விட வேண்டாம். மருந்து வலியைத்தான் எடுத்தது, மடிப்புகள் இன்னும் ஒட்டவில்லை.

தீவனத்தில் கொள்ளு, தவிடு, ஓட்ஸ், வெல்லம், கருப்பட்டி எல்லாம் நிறுத்தம். காய்ந்த அருகம்புல் நாளைக்கு 5 கிலோ, நாலைந்து வேளையாக. அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுங்கள், சர்க்கரைச் சத்து குறையும். அதற்கு மேல் ஊறினால் நம் வெப்பத்தில் புளித்துவிடும். முழுப் பட்டினி போடாதீர்கள்.

தினமும் இரண்டு வேளை, தாடை எலும்பின் அடியில் நாடி எண்ணி எழுதி வையுங்கள். ஓய்வில் நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். மருந்து கொடுத்தும் 60-ஐத் தாண்டினால் வலி அடங்கவில்லை. அத்துடன் மயிர்க்கோட்டில் விரலை ஓட்டிப் பாருங்கள். அங்கே புதிதாகப் பள்ளம் விழுந்தால், நீர் கசிந்தால், அல்லது அடிப்பாதத்தின் முன்பாதி பிறை வடிவில் புடைத்தால் அன்றைக்கே டாக்டர் வர வேண்டும். எலும்பு இறங்குகிறது என்பதற்கான அடையாளங்கள் இவை. குதிரையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள், அவர் வரட்டும்.

அடுத்த வியாழக்கிழமை, அதே கட்டை, அதே கம்பி வைத்து இரண்டாவது படம் எடுங்கள். 7 டிகிரி, 24, 12, 8 என்ற நான்கு எண்களும் அப்படியே இருந்தால் எலும்பு நின்றுவிட்டது. லாடக்காரரும் டாக்டரும் சேர்ந்து, படத்தைப் பார்த்துக்கொண்டே குளம்பின் நுனியைப் பின்னுக்கு இழுத்துக் குறைக்கும் வேலையைப் பிறகு தொடங்கலாம். அடிப்பாதம் 10-க்குக் கீழே போயிருந்தாலோ, 8 என்பது 12, 13 என்று ஏறியிருந்தாலோ, வீட்டிலிருந்து செய்யும் வைத்தியம் போதாது. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, சென்னை வேப்பேரிக் கல்லூரிக்கோ இரண்டு படங்களையும் அனுப்பி அவர்கள் கருத்தைக் கேளுங்கள்.