அம்மோனியா கணக்கில் +1080 வருவது ஏன்?

"N2 + 3H2 → 2NH3. பிணைப்பு ஆற்றல் அட்டவணையை வெச்சு வினை வெப்பம் போட்டா எனக்கு +1080 கிலோஜூல் வருது, புத்தகத்தில் −93. வெப்ப உமிழ் வினைக்கு எப்படி பிளஸ் வரும்? (கொழிஞ்சாம்பாறை, பிளஸ் ஒன்)"

N–H பிணைப்பை ஆறுக்குப் பதில் மூன்றாக எண்ணியிருக்கீங்க. ஒரு அம்மோனியாவில் மூன்று. முன்னால் 2 இருக்கே, அதை விட்டுட்டீங்க.

உடைக்க: N≡N 945, H–H மூன்று 3 × 436 = 1308. மொத்தம் 2253.
உருவாகும்போது வெளிவருவது: 6 × 391 = 2346.
2253 − 2346 = −93.

இனி எண்ணும் முன் எல்லா மூலக்கூறையும் கோடு போட்டு வரைஞ்சு, ஒவ்வொரு கோட்டையும் பென்சிலால் அடிச்சுக்கிட்டே போங்க. பிறகு ஆற்றல் படம்: வினைபடுபொருள் கோட்டிலிருந்து 2253 மேலே ஏறி, அங்கிருந்து 2346 இறங்குங்க. விளைபொருள் கோடு 93 கீழே நின்றால் சரி. மேலே நின்றால் எண்ணிக்கையைத்தான் முதலில் சந்தேகப்படணும்.

ஆனால் அந்த 2253 உச்சியைக் கிளர்வு ஆற்றல்னு எழுதிடாதீங்க. எங்க ஊர்ப் பசங்க பாதிப் பேர் இதில்தான் மார்க் விடறாங்க. எல்லாப் பிணைப்பும் உடைஞ்சு தனி அணுவான நிலை அது. உண்மையான வினை அவ்வளவு உயரம் ஏறாது, இரும்பு வினையூக்கி இருந்தால் இன்னும் தாழ்வாகவே கடந்துடும்.

இந்தக் கணக்கு வாயுக்களுக்கு மட்டும். சித்தூர்ப் பக்கம் வயலுக்கு யூரியாவை வாளித் தண்ணியில் கரைக்கும்போது கை சில்லுனு ஆகும் பாருங்க, அது வெப்பங்கொள் மாற்றம். ஆனால் அதை இந்த அட்டவணையை வெச்சுப் போட முடியாது.