காலைக் காட்சிக்கு முப்பது பேர் வந்தால் ஓட்டலாமா?

கேள்வி: "எங்கள் ஊரில் 300 சீட் தியேட்டர், நாளுக்கு நாலு காட்சி. மாதச் செலவைக் காட்சிகளால் வகுத்தால் காட்சிக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வருகிறது. காலைக் காட்சிக்கு முப்பது பேர்தான் வருகிறார்கள். ரத்து செய்துவிடலாமா?"

ரத்து செய்ய வேண்டாம். அந்த இரண்டாயிரத்தில் பாதி, காட்சி ஓடினாலும் ஓடாவிட்டாலும் போகிற பணம். ஆபரேட்டர், கேட், டிக்கெட் கவுண்டர் ஆட்களின் சம்பளம், லைசன்ஸ், காப்பீடு, கரண்ட் பில்லில் வரும் நிலைக் கட்டணம் எல்லாம் இதில் அடங்கும். மாதம் 1,20,000 என்று வைத்துக்கொள்வோம். 120 காட்சி ஓடினால் காட்சிக்கு 1,000. முப்பது காலைக் காட்சிகளை நிறுத்தினால் அதே பணம் 90 காட்சிகள் மேல் ஏறி 1,333 ஆகிவிடும்.

காட்சி ஓடுவதால் மட்டும் கூடும் செலவைத் தனியாக எடுங்கள். பெரும்பங்கு ஏசிதான். காட்சிக்கு அரைமணி முன்பு அதைப் போடும்போது ஒருமுறை, படம் முடிந்ததும் ஒருமுறை மீட்டரைக் குறித்துவையுங்கள். ஒரு வாரம் செய்தால் போதும், ஊகிக்க வேண்டியதில்லை. உதாரணமாக 90 யூனிட், யூனிட் 10 ரூபாய் என்றால் 900. ப்ரொஜெக்டர் லாம்ப் தேய்மானம் ஏறத்தாழ 100. ஆக 1,000 ரூபாய்.

படத்தின் பங்கை இந்தச் செலவோடு சேர்க்காதீர்கள், டிக்கெட்டிலேயே கழித்துவிடுங்கள். வரி போக 90 ரூபாய் நின்று, விநியோகஸ்தருக்குப் பாதி என்றால் உங்கள் கையில் 45. 1,000 ரூபாய்க்கு 23 டிக்கெட் போதும். முப்பது பேர் வந்தால் 350 ரூபாய் மிஞ்சும். ஆனால் சம்பளம் உள்பட முழுச் செலவும் தேற, சராசரியாக 45 டிக்கெட் வேண்டும். இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொள்வதால்தான் ஓட்ட வேண்டிய காட்சி ரத்தாகிறது. கேன்டீன் உங்களுடையதே என்றால் தலைக்கு 15 ரூபாய் லாபம் வைத்தாலும் 23 என்பது 17 ஆகிவிடும்.

எம்.ஜி., அதாவது குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை, முன்கூட்டியே கொடுத்து எடுத்த படத்துக்குக் கணக்கு வேறு. அந்தப் பணம் முன்பே போய்விட்டது. அது தேறும் வரை 90 ரூபாயும் உங்களுடையது. 12 டிக்கெட் விற்றாலே காட்சியை ஓட்டுவது நல்லது. எம்.ஜி.யைக் காட்சிகளுக்குப் பங்கிட்டுப் பார்த்து பயந்து நிறுத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நிறுத்தினால் அந்தப் பணம் திரும்பி வராது.

பங்கு முறையில் எடுத்த படத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர்தான் வருகிறார்கள் என்றால் அது வேறு விஷயம். 12 பேரில் 540 ரூபாய், செலவு 1,000. ஒரு காட்சிக்கு 460 ரூபாய் நஷ்டம். அப்போது நிறுத்தலாம். அதற்கு முன் ஒப்பந்தத்தில் நாளுக்கு எத்தனை காட்சி கட்டாயம் என்று பாருங்கள். ரத்தான காட்சியை அன்றைய வசூல் அறிக்கையான டி.சி.ஆரில் பூஜ்யம் என்று தனியாக எழுதிவையுங்கள், வார முடிவில் பங்கு பேசும்போது தேவைப்படும்.